மருமகன் போட்ட சாட்சிக் கையெழுத்து: மகளுக்கு எழுதிய வீடு மகளுக்குச் சேராமல் போன ஒரு நிகழ்வு

பின்னணி

தென்மாவட்டம் ஒன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கிறிஸ்தவத் தலைமையாசிரியர் ஒருவரின் உயில் பற்றியது இது. மனைவி முன்பே இறந்துவிட்டார். மூத்த மகன், மகள், இளைய மகன் என மூன்று பிள்ளைகள். மகன்கள் இருவரும் வெளியூரில் இருக்க, கடைசி ஒன்பது ஆண்டுகள் மகளும் மருமகனும்தான் உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள். சொத்துகள் எல்லாமே அவர் சம்பாதித்தவை: டவுனில் ஒரு வீடு, ஊருக்கு வெளியே நஞ்சை நிலம், வங்கியில் வைப்புத்தொகை. பின்னால் தகராறு வந்தபோது மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பின்படி வீடு 60 லட்சம், நிலம் 30 லட்சம், வைப்புத்தொகை 30 லட்சம்.

2016இல் அவர் உயில் எழுதினார். வீடு மகளுக்கு, நிலம் மூத்த மகனுக்கு, வைப்புத்தொகை இளைய மகனுக்கு. தன்னைக் கவனித்துக்கொண்டதற்காக மகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதாக உயிலிலேயே ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். உயிலில் சொல்லாத சொத்தும், எழுதியபடி செல்லாமல் போகும் சொத்தும் யாருக்கு என்று சொல்லும் எஞ்சிய சொத்துப் பிரிவு அதில் இல்லை. அந்த வட்டாரத்தில் எழுதப்படும் பெரும்பாலான உயில்களில் அது இருப்பதில்லை.

கையெழுத்தான விதம்

பத்திர எழுத்தர் தட்டச்சு செய்த உயிலை வீட்டுக்கே கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் தேவாலயக் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் சாட்சிகளாக வருவதாகப் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே வந்து, தலைமையாசிரியர் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்டதைப் பார்த்துத் தானும் கையெழுத்திட்டார். வேறு வேலை இருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். இரண்டாமவர் மதியம்வரை வரவில்லை. மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். "மாப்பிள்ளை, நீங்களே போட்டுருங்க" என்று மாமனார் சொல்ல, "சாட்சிகள்" என்ற தலைப்பின் கீழ் இரண்டாவது வரியில் மருமகன் கையெழுத்திட்டார். சொந்தக்காரர் சாட்சி போடுவது வழக்கம்தான், பரவாயில்லை என்று பத்திர எழுத்தரும் சொன்னார்.

அந்தப் பத்திர எழுத்தர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதும் உயில்களில் மிகப் பெரும்பாலானவை இந்துக்களுடையவை. இந்துக்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது ஓரளவு சரி. கிறிஸ்தவருக்கு அது சரியல்ல என்பது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் உயில் பதிவானது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை; ஆனால் பதிவு செய்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பம் நம்பியது. உயில் எழுதியவர் இவர்தானா, தானே வந்து பதிவுக்குக் கொடுத்தாரா என்பதைச் சார்பதிவாளர் பார்ப்பார். சாட்சி போட்டவர் யாருக்கு யார் என்பதைப் பார்ப்பது அவர் வேலையல்ல.

தகராறு தொடங்கியது

தலைமையாசிரியர் 2021இல் இறந்தார். சில மாதங்கள் கழித்து மகள் வீட்டுக்குப் பட்டா மாற்ற விண்ணப்பித்தார். இளைய மகன் ஆட்சேபித்தார். அப்பாவின் மனநிலையையோ கையெழுத்தையோ அவர் குறை சொல்லவில்லை. உயிலின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, வீட்டைப் பெறுகிறவரின் கணவரே சாட்சி என்பதை மட்டும் சொன்னார். வட்டாட்சியர் அலுவலகம் இரு தரப்பையும் உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டது. வழக்குப் போடுமுன் மூவரும் தனித்தனியே சட்ட ஆலோசனை கேட்டார்கள். இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் அந்த ஆலோசனையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

யார் சாட்சி போடலாம் என்பதற்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அடிப்படை. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதுபவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் காலையிலும் மருமகன் மதியமும் கையெழுத்திட்டதில் குறை ஏதும் இல்லை.

உயிலால் பயன் பெறுகிறவர் சாட்சி போட்டால் என்ன ஆகும் என்பது 67ஆம் பிரிவு. அதில் இரண்டு பாதிகள் உண்டு, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் பாதி உயிலைக் காப்பாற்றுகிறது: சாட்சி போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ உயிலில் ஏதாவது கொடுத்திருக்கிறது என்பதற்காக, சாட்சி போதவில்லை என்று ஆகாது. இரண்டாவது பாதி அந்தக் கொடையை அழிக்கிறது: சாட்சி போட்டவருக்கும், அவருடைய வாழ்க்கைத்துணைக்கும், அவர்கள் மூலம் உரிமை கோருகிறவர்களுக்கும் உயிலில் எழுதியது செல்லாது. அந்த நபர் உண்மையானவரா, உயில் எழுதியவரின் விருப்பம் என்ன என்பதையெல்லாம் இந்தப் பிரிவு கேட்பதில்லை. கையெழுத்து இருக்கிறதா, சாட்சியாகப் போட்டதா, அவருக்கோ துணைக்கோ கொடை இருக்கிறதா, அவ்வளவுதான்.

உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் சாட்சி போடத் தடையில்லை. பயனாளியாக இருப்பதாலோ நிறைவேற்றுநராக இருப்பதாலோ ஒருவர் உயிலை நிரூபிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை என்று 68ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மருமகன் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம். அவர் கையெழுத்தால் கெடுவது மனைவிக்கு வர வேண்டிய வீடு மட்டும்.

இந்துக்களுக்கு ஏன் வேறு

தமிழ்நாட்டில் அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான். இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் எழுதும் உயில்களுக்கு இந்தச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என்பதை மூன்றாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் 63 இருக்கிறது, 68 இருக்கிறது, 67 இல்லை. ஆகவே ஓர் இந்துவின் உயிலில் பயனாளியே சாட்சி போட்டிருந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் கொடை தானாக ரத்தாகாது.

அதற்காக அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் இருந்தால் அவற்றை நீக்க வேண்டிய பொறுப்பு உயிலை முன்வைக்கிறவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பங்கு பெறுகிறவரே உயில் தயாரிப்பில் முன்னின்று வேலை செய்வது அப்படிப்பட்ட சூழ்நிலை. அவரே சாட்சியாகவும் இருந்தால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இந்து உயிலில் இது நிரூபிப்பதில் வரும் சிக்கல். கிறிஸ்தவ உயிலில் கொடையே இல்லாமல் போய்விடுகிறது. முஸ்லிம்களின் உயிலுக்கு 63ஆம் பிரிவின் இந்தச் சாட்சி விதியே பொருந்தாது. அது அவர்களுடைய தனிச்சட்டத்தின்படி பார்க்கப்படும்.

வீடு யாருக்குப் போகும்

67ஆம் பிரிவின்படி மகளுக்கு எழுதிய வீடு செல்லாது. எஞ்சிய சொத்துப் பிரிவு இருந்திருந்தால் அதில் பெயர் உள்ளவருக்குப் போயிருக்கும். இல்லாததால், அந்த வீட்டைப் பொறுத்தவரை அவர் உயில் எழுதாமல் இறந்ததாகவே சட்டம் கொள்கிறது. மனைவி உயிருடன் இல்லாத கிறிஸ்தவரின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆகவே வீட்டில் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. மகளுக்கும் அதில் பங்கு உண்டு, ஏனென்றால் அது உயில் வழியாக வருவதல்ல, பிள்ளை என்ற முறையில் வருவது. 67ஆம் பிரிவு அதைத் தொடுவதில்லை. "சாட்சி போட்டதால் உனக்கு ஒன்றுமே கிடையாது" என்று உறவினர்கள் மகளிடம் சொல்லியிருந்தார்கள், அது தவறு.

அப்பா நினைத்தபடி நடந்திருந்தால் மகளுக்கு 60 லட்சம், மகன்களுக்குத் தலா 30 லட்சம். 67ஆம் பிரிவுக்குப் பிறகு மகளுக்கு வீட்டில் மூன்றில் ஒரு பங்காக 20 லட்சம் மட்டுமே. மகன்களுக்கு நிலமும் வைப்புத்தொகையும் உயில்படி அப்படியே கிடைத்து, வீட்டிலும் தலா 20 லட்சம் சேர்ந்து ஆளுக்கு 50 லட்சம். உயில் முழுவதுமே விழுந்துவிட்டால் மூவருக்கும் தலா 40 லட்சம்.

கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதிய உயில், பாதி நின்றால் மகளுக்கு மிகக் குறைவாகக் கொடுக்கிறது. உயிலே இல்லாதிருந்தால் கிடைப்பதைவிடவும் குறைவு. உயிலைக் காப்பாற்ற நினைத்து வந்த மகளுக்கு இப்போது அது விழுவதில்தான் லாபம். எதிர்த்து வந்த இளைய மகனுக்கோ அது நிற்பதில்தான் லாபம். இந்தக் கணக்கைப் போடாமல் வழக்குத் தொடுத்திருந்தால் இருவரும் தங்களுக்கே எதிராக வாதாடியிருப்பார்கள்.

பரிசீலித்துக் கைவிட்ட வாதங்கள்

மகள் தரப்பில் முதலில் எழுந்த யோசனை, பதிவின்போது அடையாளம் காட்டிய இருவரும் உயிலின் பின்பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்களே, அவர்களைச் சாட்சிகளாகக் கொள்ளலாமே என்பது. சாட்சி போட வேண்டும் என்ற எண்ணத்தோடு கையெழுத்திட்டவரே சாட்சி. வேறு வேலைக்காக, அதாவது அடையாளம் காட்டவோ பதிவுக்காகவோ கையெழுத்திட்டவர் அதனால் மட்டும் சாட்சியாகிவிட மாட்டார் என்று அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதோடு, அவர்களைச் சாட்சிகளாக ஏற்றுக்கொண்டாலும் பயன் இல்லை. இரண்டு சாட்சிகள் போக மிகுதியாக இருப்பவர் பயனாளியானால் அவருடைய கொடை தப்பும் என்ற விதிவிலக்கை இங்கிலாந்து 1968இல் சட்டமாக்கியது. இந்தியாவின் 67ஆம் பிரிவில் அப்படி ஒன்று இல்லை. மூன்றாவது, நான்காவது சாட்சி இருந்தாலும் மருமகன் சாட்சிதான்.

அடுத்த யோசனை இதற்கு நேர் எதிரானது: மருமகன் சாட்சியாகப் போடவில்லை, பார்வையிட்டதற்காகப் போட்டார் என்று சொல்லிவிடுவது. அப்படியானால் உயிலில் ஒரே ஒரு சாட்சிதான் மிஞ்சும். 63ஆம் பிரிவு நிறைவேறாமல் முழு உயிலும் விழும். கணக்குப்படி மகளுக்கு அது லாபம். ஆனால் "சாட்சிகள்" என்ற தலைப்பின் கீழ் முகவரியோடு போட்ட கையெழுத்தை அப்படிச் சொல்வது பொய்ச்சாட்சி. மகளின் வழக்கறிஞர் இதற்கு உடன்படவில்லை, மருமகனும் மறுத்துவிட்டார். அது சரியான முடிவு.

மகன்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சாட்சி போட்டவர்களில் ஒருவரையாவது விசாரிக்க வேண்டும். அப்போது பொருந்திய 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அது 68ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 67ஆம் பிரிவு. ஒருவரை மட்டும் அழைத்தால், மற்றவர் சாட்சி போட்டதையும் அவரே சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே போய்விட்டதால் மருமகன் போட்டதைப் பார்க்கவில்லை. எனவே மருமகனே வந்து சொன்னால்தான் உயில் முழுமையாக நிரூபணமாகும். அவர் உண்மையைச் சொன்னால் நிலமும் வைப்புத்தொகையும் மைத்துனர்களுக்கு உறுதியாகும். அதே வாக்குமூலம் தன் மனைவியின் வீட்டை எடுத்துவிடும். அவரை நம்பி வழக்கு நடத்த மகன்களுக்குத் தயக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வயது 80ஐத் தாண்டிவிட்டது.

எடுத்த முடிவு

மூவரின் வழக்கறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மேலே சொன்ன மூன்று கணக்குகளையும் ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தின் முன் வைத்தார்கள். உயில் உண்மையானது, முறைப்படி கையெழுத்தானது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். 67ஆம் பிரிவினால் வீடு மூன்று பங்காகிவிட்டது என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவின் எண்ணம் உயிலிலேயே எழுதியிருக்கிறது, அதில் தனக்குச் சந்தேகம் இல்லை என்று சொல்லி மூத்த மகன் தன் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இளைய மகன் 20 லட்சம் கேட்டார். பேச்சுக்குப் பிறகு 12 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மகள் வங்கிக் கடன் வாங்கி அதைக் கொடுத்தார்.

இருவரும் மகளுக்குத் தனித்தனி விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். பத்திரத்தின் முன்னுரையில் உயிலின் தேதி, பதிவு எண், சாட்சி போட்டவர் மகளின் கணவர் என்பது, அதனால் வீடு உயில் இல்லாத சொத்தாகி மூவருக்கும் இறங்கியது என்பது எல்லாம் எழுதப்பட்டன. இதை எழுதாமல் "உயில்படி மகளுக்குச் சொந்தமான வீடு" என்று விட்டிருந்தால், பின்னால் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அதே கேள்வியை மறுபடி எழுப்பியிருப்பார். பத்திரங்கள் பதிவான பிறகு பட்டா மாறியது. ஆட்சேபணை எழுந்ததிலிருந்து இதற்கு 14 மாதங்கள் ஆயின.

மாற்றியிருக்க வேண்டியவை

கையெழுத்துப் போட்ட அன்றே தவறு தெரிந்திருந்தால், புதிதாக ஒரு உயில் எழுதி, முந்தையதை ரத்து செய்வதாக அதில் சொல்லி, சம்பந்தமில்லாத இருவரிடம் சாட்சி வாங்கியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் அதற்கு அவகாசம் இருந்தது. மருமகன் பெயரை அடித்துவிட்டு வேறொருவரைப் போடச் செய்வது தீர்வல்ல. கையெழுத்தான பிறகு உயிலில் செய்யும் திருத்தத்துக்கும் உயிலுக்குரிய அதே கையெழுத்தும் சாட்சிகளும் வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது. பிற்சேர்க்கை எழுதிப் பழைய உயிலை உறுதிப்படுத்துவதும் ஒரு வழியாகச் சொல்லப்படுவதுண்டு. பழைய உயிலை உறுதிப்படுத்தும் பிற்சேர்க்கைக்குப் பயனாளி சாட்சி போட்டால் அவர் கொடை கெடாது என்றுதான் 67ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கெட்டுப்போன கொடையைப் பிற்சேர்க்கை மீட்கும் என்று அது சொல்லவில்லை. ஆகவே புது உயிலே நேரான வழி.

எஞ்சிய சொத்துப் பிரிவு இருந்திருந்தால் மகள் காப்பாற்றப்பட்டிருப்பாரா என்றால், அதிலும் அவர் பெயரே இருந்திருந்தால் இல்லை. அதுவும் சாட்சியின் மனைவிக்குக் கொடுத்த கொடைதான். மகளின் பிள்ளைகள், அதாவது பேரப்பிள்ளைகள் பெயர் நேரடியாக இருந்திருந்தால் நிலை வேறு. 67ஆம் பிரிவு சாட்சியையும் துணையையும் அவர்கள் வழியாக உரிமை கோருகிறவர்களையும்தான் குறிக்கிறது. சாட்சியின் பிள்ளைக்குத் தனியாகக் கொடுத்தது அதில் வராது.

சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, உயிலில் பெயர் உள்ள ஒவ்வொருவரையும் அவர்களுடைய கணவன் மனைவியையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளில் இல்லாத இருவரைக் கூப்பிட வேண்டும். இந்து உயிலுக்கும் இதையே செய்வது நல்லது. உயில் எழுதுபவரைவிட வயதில் குறைந்தவர்கள், ஊரைவிட்டுப் போய்விடாதவர்கள், பின்னால் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் வேண்டும். முழு முகவரியும் தந்தை பெயரும் உயிலில் இருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது எதையும் 63ஆம் பிரிவு சொல்லவில்லையென்றாலும் 18 நிறைந்தவரையே கூப்பிட வேண்டும். ஒரே நேரத்தில் இருவரும் இருக்கச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் இருந்தால், பின்னாளில் ஒருவர் இறந்துபோனாலும் மற்றவர் இருவர் கையெழுத்தையும் சொல்ல முடியும்.

இந்தத் தலைமையாசிரியரின் வீட்டில் அன்று காத்திருந்திருக்கலாம். கமிட்டி உறுப்பினர் மாலையில் வந்து சேர்ந்தார். பதிவை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தாலும் உயிலுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. உயிலைப் பதிவுக்குக் கொடுக்கக் காலக்கெடு எதுவும் இல்லை.